மறுத்துப் பேச ஒருவரை நியமித்தால் போதுமா?

கேள்வி: பதினொரு பேர் கொண்ட ஒரு நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறோம். வாசலுக்கு வந்ததும் "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்று நாலு பேராவது சொல்கிறார்கள். வீட்டு முடிவுகளிலும் இதே கதை. வேண்டுமென்றே மறுத்துப் பேச ஒருவரை வைத்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா? யாரை வைப்பது, எப்படி?

பதில்:

உண்மைதான், ஆனால் பாதிதான் உண்மை. அப்படி நியமிக்கப்படுபவர் தன் வாதத்தால் யாரையும் மாற்றுவது அபூர்வம். அவர் வாய் திறந்தபிறகு, அதுவரை மனசுக்குள் சந்தேகத்தை வைத்திருந்த நாலு பேருக்கும் பேச இடம் கிடைக்கிறது. பலன் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நீங்கள் கேட்ட 'யாரை', 'எப்படி' இரண்டுக்கும் விடையும் இதிலிருந்தே வருகிறது. ஆகவே முதலில் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். எது எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டுவார்கள். விவரம் தெரியாத அந்த ஒருவர், தன் கண் சொல்வதைச் சொல்வாரா, கூட்டம் சொல்வதைச் சொல்வாரா? இப்படிப் பொறி வைத்த சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாக வந்தன. தனியாக உட்கார்ந்து செய்தவர்கள் பிழை செய்ததே இல்லை என்று சொல்லலாம்.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. உங்கள் கேள்விக்கு முக்கியமானது ஆஷ் அடுத்துச் செய்ததுதான். ஏற்பாடு செய்த ஆட்களில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்ல வைத்தார். கூட்டத்தோடு ஒத்துப்போவது கால் பங்காகக் குறைந்தது. பிறகு அந்த ஒருவரையும் தவறான விடையையே சொல்ல வைத்தார், ஆனால் கூட்டம் சொன்னதைவிட வேறான தவறு. அப்போதும் கூட்டத்தின் பிடி தளர்ந்தது. அதாவது மறுப்பவர் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. ஒருமித்த குரல் உடைந்தாலே போதும், பக்கத்தில் இருப்பவருக்குத் தன் கண்ணை நம்பத் துணிவு வருகிறது. ஆனால் கூட நின்றவர் நடுவில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால், பழையபடி ஒத்துப்போவது திரும்ப வந்துவிட்டது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கோட்டின் நீளத்துக்கே இப்படி என்றால், நாட்டின் தலைவர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? 1961 ஏப்ரலில் அமெரிக்க அரசு, கியூபாவிலிருந்து வெளியேறிய சுமார் 1,400 பேருக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்து, காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க பன்றிகள் வளைகுடாவில் இறக்கியது. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். இதைத் திட்டமிட்ட கூட்டங்களில் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை, அந்த நாட்டின் மிகத் தேர்ந்த தலைகள். பத்து ஆண்டுகள் கழித்து இர்விங் ஜானிஸ் என்ற உளவியலாளர் இந்தக் கூட்டங்களை ஆராய்ந்துதான் 'குரூப் திங்க்' என்ற சொல்லைப் பரவலாக்கினார். தமிழில் குழுச் சிந்தனை என்கிறோம். குழுவாக உட்கார்ந்து சிந்திப்பது என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. குழு கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் அக்கறையில் சிந்திப்பதையே விட்டுவிடுவதுதான் அது.

அந்தத் திட்டத்தில் ஒரு சமாதானம் எல்லாருக்கும் தைரியம் கொடுத்தது: தரையிறங்கியவர்கள் தோற்றாலும் எஸ்காம்ப்ரே மலைக்குள் போய் மறைந்து கெரில்லாப் போரைத் தொடர்வார்கள். முதலில் தேர்ந்தெடுத்த இடம் அந்த மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அப்போது அது நியாயமான பேச்சு. மார்ச் மாதம், சத்தமில்லாமல் காரியம் முடிய வேண்டும் என்பதற்காக இடத்தை மாற்றினார்கள். புதிய இடத்துக்கும் மலைக்கும் நடுவே ஏறக்குறைய 80 மைல் சதுப்பு நிலமும் காடும். இடம் மாறியது, சமாதானம் மட்டும் மாறவில்லை. வரைபடத்தை விரித்து "இனி மலைக்கு எப்படிப் போவார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அங்கே ஆர்தர் ஷ்லெசிஞ்சர் என்ற ஆலோசகருக்கு இந்தத் திட்டத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை. குடியரசுத் தலைவர் கென்னடிக்குத் தனியாகக் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். ஆனால் கூட்ட அறையில் வாயைத் திறக்கவில்லை. கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி அவரைத் தனியே அழைத்து, முடிவு எடுத்தாகிவிட்டது, இனி அழுத்த வேண்டாம் என்று சொல்லியும் விட்டார். அந்த அறையில் தான் மௌனமாக இருந்ததற்காக ஷ்லெசிஞ்சர் பின்னாளில் தன்னையே கடுமையாக நொந்து எழுதினார். உங்கள் குழுவில் வாசலுக்கு வந்தபின் பேசுகிறவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் தெரியவந்தபோது, அதே தலைவர், பெரும்பாலும் அதே ஆலோசகர்கள். ஆனால் கூட்டம் நடத்திய முறை வேறு. சில கூட்டங்களுக்குக் கென்னடி வேண்டுமென்றே போகாமல் இருந்தார். குழுவைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒருவர் திட்டத்தை இன்னொருவர் குடைய வைத்தார்கள். எந்த யோசனை வந்தாலும் விடாமல் கேள்வி கேட்கும் வேலையை ராபர்ட் கென்னடியும் ஆலோசகர் சோரன்சனும் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் பலருக்கும் சரியென்று பட்ட விமானத் தாக்குதல் கைவிடப்பட்டு, கடல்வழித் தடையில் வந்து நின்றது. முந்தைய ஆண்டு மறுப்பை அடக்கியவரே இந்த ஆண்டு மறுக்கும் வேலையைச் செய்தார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புதான். ஆள் அதே ஆள், கொடுத்த வேலைதான் மாறியது.

மறுக்கும் வேலையை ஒருவருக்கு ஒப்படைப்பது பழைய ஏற்பாடு. ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முன் அவருக்கு எதிராகச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எடுத்து வைக்க ஓர் அதிகாரியை 1587இல் கத்தோலிக்கத் திருச்சபை முறைப்படி ஏற்படுத்தியது. அவரைத்தான் மக்கள் 'சாத்தானின் வழக்கறிஞர்' என்றார்கள். ஆங்கிலத்தில் டெவில்ஸ் அட்வகேட் என்று புழங்குவது அந்தப் பெயர்தான். நம் வாதமரபில் பூர்வபட்சம் என்று ஒன்று உண்டு. எதிராளியின் கட்சியை, அவரே கேட்டாலும் "ஆமாம், இதுதான் என் கட்சி" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் நல்ல மறுப்பாளர் கிடைப்பார் என்பது என் அனுபவம்.

இனி அது உதவாத இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் அங்கேதான் போய் விழுகின்றன. சார்லன் நெமெத் என்ற உளவியலாளரின் குழு, 2001இல் வெளியான ஆய்வுகளில், உண்மையாகவே மாற்றுக் கருத்து உடையவரையும், மறுக்கச் சொல்லி வேடம் கொடுக்கப்பட்டவரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இருவர் பேசியதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உண்மையான மறுப்பாளர் இருந்த குழுக்களில்தான் புதிய யோசனைகள் கூடுதலாக வந்தன. வேடம் போட்டவர் இருந்த இடத்தில், கேட்டவர்கள் தங்கள் பழைய கருத்துக்கே புதுப்புது முட்டுக் கொடுப்பதும் தெரிந்தது. நினைத்துப் பார்த்தால் புரியும். 'இவர் இதை நம்பிச் சொல்லவில்லை' என்று தெரிந்தவுடன், அவருக்குப் பதில் சொல்வது ஒரு விளையாட்டாகிவிடுகிறது. பதில் சொல்லிச் சொல்லி நம் முடிவு இன்னும் கெட்டிப்படுகிறது. கடைசியில் "எதிர்வாதத்தையும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுத்தோம்" என்று ஒரு முத்திரை வேறு.

இதைவிட மோசமானது, மறுப்பாளர் பழகிப்போவது. வியட்நாம் போரின்போது ஜார்ஜ் பால் என்ற துணைச் செயலர் போரைப் பெரிதாக்குவதை உண்மையாகவே எதிர்த்தார். வெள்ளை மாளிகையில் அவரை 'நம் டெவில்ஸ் அட்வகேட்' என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அவர் பேசுவார், மற்றவர்கள் மரியாதையாகக் கேட்பார்கள், போர் பெரிதாகிக்கொண்டே போகும். உண்மையான எதிர்ப்பையே வேடம் என்று பெயர் சூட்டி மழுங்கடித்த கதை இது. உங்கள் குழுவில் எப்போதும் ஒரே ஆள் மறுத்துக்கொண்டிருந்தால், அவர் எழுந்தவுடன் மற்றவர்கள் புன்னகைத்தால், அந்த நாற்காலி செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை வேறு ஆளை உட்கார வையுங்கள்.

ஆகவே நான் கூட்டங்கள் நடத்தும்போது ஒரு மாற்றம் செய்கிறேன். மறுப்பாளரைச் சொந்தமாக வாதம் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் பெயர் போடாத துண்டுச் சீட்டு வாங்கிவிடுகிறேன். அதில் ஒரே கேள்வி: 'இந்த முடிவு இரண்டு வருடம் கழித்துத் தப்பாகிப்போனால், எதனால் ஆகியிருக்கும்?' சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டால் பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். தப்பாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் கேட்டால் எழுதுகிறார்கள். ஆஷின் சோதனையிலும் விடையை வாயால் சொல்லாமல் தனியாக எழுதவிட்டபோது கூட்டத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. அந்தச் சீட்டுகளைத்தான் மறுப்பாளர் கையில் கொடுக்கிறேன். இப்போது அவர் பேசுவது அறையில் உள்ள யாரோ ஒருவரின் உண்மையான சந்தேகம். வேடம் என்று ஒதுக்க முடியாது. யாருடையது என்று தெரியாததால் எழுதியவர் மேல் பாயவும் முடியாது.

கூட்டத்தில் முதலில் திட்டம் கொண்டுவந்தவர் பேசுவார். அடுத்து மறுப்பாளருக்குக் கால் மணி நேரம், குறுக்கே யாரும் பேசக்கூடாது. திட்டத்தை அவர் தன் வார்த்தையில் திரும்பச் சொல்லி, கொண்டுவந்தவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டபிறகே மறுக்கத் தொடங்க வேண்டும். பிறகு, முடிவு எந்த நம்பிக்கைகளின் மேல் நிற்கிறதோ அவற்றில் மூன்றை மட்டும் எடுக்க வேண்டும். பன்னிரண்டு குறை சொன்னால் எல்லாரும் சின்னக் குறைகளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பெரியதைத் தாண்டிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: இது பொய்யானால் முடிவு நிற்குமா? பொய்யா இல்லையா என்று இப்போதே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா? எஸ்காம்ப்ரே மலை விஷயத்தில் இரண்டாவது கேள்விக்கு விடை, மேசைமேல் ஒரு வரைபடம்.

அதன்பின் சுற்றி வந்து எல்லாரும் பேச வேண்டும், இளையவரிலிருந்து தொடங்கி. தலைவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். இதில் தலைவர்கள் தோற்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வாயால் பேசாவிட்டாலும் முகம் பேசிவிடும். முடியாவிட்டால் அந்த அரை மணி நேரம் வெளியே போய்விடுவது மேல். மறுப்பாளரும் கடைசிவரை தன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "சும்மா சொன்னேன், எனக்கும் சம்மதம்தான்" என்று நடுவில் இறங்கி வந்தால், ஆஷின் சோதனையில் கட்சி மாறியவர் செய்ததைத்தான் செய்கிறார். அவரை நம்பிப் பேச ஆரம்பித்தவர்கள் அப்படியே அடங்கிவிடுவார்கள். வாக்கெடுப்பு வரும்போது அவர் தன் சொந்தக் கருத்துப்படி வாக்களிக்கட்டும், அதுவரை இறங்கக்கூடாது. அந்த மூன்று நம்பிக்கைகள் பற்றியும் குழு சொன்ன பதில் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுத்தாக ஏற வேண்டும்.

எல்லா முடிவுக்கும் இதைச் செய்யாதீர்கள். திரும்ப மாற்ற முடியாத அல்லது மாற்றினால் பெரிய இழப்பு வரும் முடிவுகளுக்கு மட்டும் போதும். வருடத்துக்கு நாலைந்து வரலாம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வைத்துவிடுங்கள்: கூட்டம் இனிமையாக இருக்காது. 1986இல் ஷ்வைகர், சாண்ட்பெர்க், ரேகன் மூவரும் செய்த ஆய்வில், மறுப்பாளர் முறையில் நடந்த குழுக்களின் முடிவுகள் இணக்கமாகப் பேசி முடித்த குழுக்களுடையதைவிடத் தரமாக இருந்தன. ஆனால் மனநிறைவும், இதே ஆட்களோடு மறுபடி வேலை செய்யும் விருப்பமும் இணக்கக் குழுக்களில்தான் அதிகம். இதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் முதல் கூட்டத்தோடு கைவிட மாட்டீர்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மறுப்பாளர் பேசி முடித்ததும் எல்லாரும் அவரைப் பார்த்தே பதில் சொன்னால் செய்யவில்லை. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "அந்த இரண்டாவது விஷயம் எனக்கும் உறுத்துது" என்று ஆரம்பித்தால் செய்கிறது. நாலைந்து முறை நடத்தியும் எந்தத் திட்டத்திலும் ஒரு வரிகூட மாறவில்லை என்றால், சடங்காகிவிட்டது.

வீட்டுக்கு வருவோம். அங்கே சீட்டு எழுதச் சொன்னால் கையெழுத்தே காட்டிக்கொடுக்கும். மருமகளையோ கடைசிப் பிள்ளையையோ "நீ மறுத்துப் பேசு" என்றால், அன்று பேசியது பத்து வருடம் கழித்தும் அவர்கள் பெயரில் இருக்கும். குழுவில் கூட்டம் முடிந்தால் வேடம் கலைந்துவிடும், வீட்டில் கலையாது. ஆகவே வீட்டில் மறுக்கும் வேலையை, யோசனையைக் கொண்டுவந்தவருக்கே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் தன் யோசனையைக் குறை சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

எங்கள் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். பெரியம்மா காலமானபின் பெரியப்பா தனியாக இருந்தார், வயது எழுபத்தெட்டு. இரண்டு மகன்கள், ஒரு மகள். வீட்டை விற்றுவிடுவது, பெரியப்பா ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் நாலு மாதம் இருப்பது என்று மூத்தவர் சொன்னார். இருபது நிமிடத்தில் எல்லாருக்கும் சம்மதம். பெரியப்பாவும் "சரிப்பா" என்றார். அந்த வேகம்தான் எனக்கு இடித்தது. "அண்ணா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் இதை வேண்டாம்னு நீங்களே வாதாடிப் பாருங்க. மூணு காரணம் போதும்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் செய்தார்.

மறுநாள் அவர் சொன்ன மூன்று: நாலு மாதத்துக்கு ஒருமுறை அப்பா மருத்துவரை மாற்ற வேண்டியிருக்கும். வீட்டை விற்றால் திரும்ப வாங்க முடியாது, ஆனால் இடம் மாறி இருந்து பார்ப்பதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், இரண்டையும் ஒரே நாளில் முடிவு செய்ய என்ன அவசியம்? மூன்றாவது, அப்பாவை யாரும் தனியாகக் கேட்கவில்லை.

இரண்டாவதைச் சொல்லி முடித்ததும் தங்கை பேசினாள். "அண்ணா, நாலு மாசம் என்னால முடியாது. வேலை நேரம் ராத்திரி. சொன்னா அப்பாவை ஒதுக்குறேன்னு ஆயிடுமோன்னு பயமா இருந்தது." தங்கைக்குச் சௌகரியம் என்று நினைத்துத்தான் முறை வைத்ததாக மூத்தவர் சொன்னார். வீட்டை விற்பது அப்பாவின் ஆசை என்று இளையவர் நினைத்திருக்கிறார். அன்று மாலை நான் பெரியப்பாவிடம் தனியாகக் கேட்டபோது, "நீங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்பா. நான் குறுக்க நிக்க வேணாம்னுதான்" என்றார். நாலு பேர் சேர்ந்து எடுத்த முடிவு, நாலு பேரில் ஒருவருக்கும் வேண்டாததாக இருந்தது.

வீட்டை விற்பதைத் தள்ளி வைத்தார்கள். இளையவர் வாரத்தில் மூன்று இரவு வந்து தங்குவது, ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று முடிவானது. எட்டாவது மாதம் பெரியப்பா வழுக்கி விழுந்தார். அதன்பின் அவராகவே கேட்டு இளையவர் வீட்டுக்குப் போனார், போன இடத்திலேயே நிலையாக இருந்தார். இரண்டு வருடம் கழித்து வீட்டை விற்றார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, கிணற்றடித் துவைகல்லை மட்டும் எடுத்து வரச் சொன்னார் பெரியப்பா. அதை எங்கே வைப்பது என்று மூன்று பிள்ளைகளும் வெகுநேரம் சண்டை போட்டார்கள், சத்தமாக.